ஹெட்ஜ் செய்த ஃபண்டா, செய்யாத ஃபண்டா: யென்னில் ஒரு கணக்கு

2023-இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் குறுகிய கால வட்டி 5.25 முதல் 5.5 சதவீதமாக இருந்தது. ஜப்பானில் அது பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே. அப்போது அமெரிக்க அரசுப் பத்திர ஃபண்டில் ஜப்பானியர் ஒருவர் 15,000 யென் போடுவதாகக் கொள்வோம்.

டாலர் 150 யென் என்றால் அவருக்கு 100 டாலர் கிடைக்கும். பத்திரம் 4.5 சதவீதம் ஈட்டி, விலையும் மாறாதிருந்தால், ஓராண்டில் அது 104.5 டாலராகும். டாலரின் மதிப்பு மாறினாலும் பாதிக்காதிருக்க, ஹெட்ஜ் செய்த ஃபண்ட் ஓராண்டு கழித்து வரும் அந்த டாலரை, விலையை இப்போதே முடிவு செய்யும் முன்பேர ஒப்பந்தத்தில் இன்றே விற்றுவிடுகிறது. ஆனால் அந்த விலை 150 அல்ல, ஏறக்குறைய 142.3. டாலரில் 5.4 சதவீதமும் யென்னில் ஒன்றுமில்லாமலும் வட்டி கிடைக்கும்போது, 150-ஐ 1.054-ஆல் வகுத்து வரும் இந்த விலையில்தான் இரண்டு நாணயங்களிலும் வைத்த பணம் சமமாகும். கையில் வருவது சுமார் 14,870 யென், அதாவது நஷ்டம்.

இது ஃபண்ட் மேலாளரின் கட்டணமன்று, வட்டி வித்தியாசமே. ஆகவே செலவு விகிதத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. ஹெட்ஜ் செய்யாத ஃபண்டோ, டாலர் 142.3-க்கு மேல் நிற்கும்வரை இதைவிட மேல். போட்ட முதல் குறையாதிருக்க 143.5 வேண்டும். அதற்கும் கீழே போனால் தடுக்க எதுவுமில்லை.

ஜப்பானியப் பங்குகளை ஹெட்ஜ் செய்து வாங்கிய அமெரிக்கருக்கோ அதே வித்தியாசம் வரவாகச் சேர்ந்தது.