மார்க்கெட்பிளேஸ் பணம்: வந்ததை எழுதுவதா, விற்றதை எழுதுவதா?

ஆன்லைன் மார்க்கெட்பிளேஸில் விற்றதற்கு வங்கியில் 7,000 வந்திருக்கிறது. மார்க்கெட்பிளேஸ் பிடித்தம் போக எவ்வளவு அனுப்பியது என்று காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையின்படி விற்பனை 10,000, திரும்பி வந்த சரக்கு 1,000, கமிஷன் 1,350, ஷிப்பிங் 650.

முதல் வழி, 7,000-ஐ அப்படியே விற்பனையாக எழுதுவது. ஒரே பதிவு, வேலை முடிந்தது. ஆனால் கமிஷன் ஏறினாலும் ரிட்டர்ன் கூடினாலும், கணக்கில் விற்பனை குறைந்ததாக மட்டுமே தெரியும். விற்பனை வரிக் கணக்கோடும் பொருந்தாது. வரி பொதுவாக வாடிக்கையாளர் கொடுத்த விலை மேல்தான்.

இரண்டாவது வழியில் மார்க்கெட்பிளேஸை ஒரு கடனாளியாக வைக்கிறோம். விற்றதும் அந்தக் கணக்கில் 10,000 பற்று, விற்பனையில் வரவு. அறிக்கை வந்ததும் விற்பனைத் திருப்பம் 1,000, கமிஷன் செலவு 1,350, ஷிப்பிங் செலவு 650, வங்கி 7,000 ஆகியவற்றைப் பற்று வைத்து, கடனாளி கணக்கில் 10,000 வரவு. மீதி பூஜ்யம்.

பூஜ்யம் வராவிட்டால்தான் இந்த வழியின் அருமை தெரியும். 400 நின்றால், அடுத்த செட்டில்மென்ட்டுக்குத் தள்ளிய ஆர்டரா, பிடித்துவைத்த தொகையா, தவறாகக் கழித்த கட்டணமா என்று ஆர்டர் எண் வாரியாகத் தேடலாம். முதல் வழியில் அந்த 400 காணாமல் போனதே தெரியாது.

ரிட்டர்னில் ஒரு சிக்கல் உண்டு. திருப்பி அனுப்பும் கட்டணம் விற்பனைத் திருப்பம் அல்ல, செலவு. பொருள் நல்ல நிலையில் வந்தால் அதன் அடக்கவிலையை மட்டும் சரக்கிருப்பில் மீண்டும் சேர்க்க வேண்டும். உடைந்து வந்தால் அது நஷ்டம்.

மாதம் நாலைந்து ஆர்டர்தான் என்றாலும் நான் இரண்டாவது வழியையே சொல்வேன். அப்போது ஆர்டருக்கு ஒரு பதிவு வேண்டாம். செட்டில்மென்ட்டுக்கு ஒன்று போதும். மாதக் கடைசியில் மட்டும், விற்று இன்னும் பணம் வராதவற்றைத் தனியாக எழுதிவிடுங்கள்.