64 ஜிபி போனும் வாட்ஸ்அப் வீடியோக்களும்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் போன் நிரம்புவது தோட்டத்தில் அல்ல, வீட்டில். தேயிலைச் சரிவுகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால் பகலில் பெரிதாக எதுவும் இறங்காது. மாலையில் வீட்டு வைஃபை பிடித்ததும், அன்று முழுவதும் குழுக்களில் சேர்ந்த அத்தனையும் வரிசைகட்டி இறங்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பை நிறுவும்போது இருக்கும் அமைப்பு அப்படி: மொபைல் டேட்டாவில் படங்கள் மட்டும், வைஃபையில் படம், ஆடியோ, வீடியோ, ஆவணம் எல்லாமே. "நான் டேட்டாவே அதிகம் செலவழிப்பதில்லை, பிறகு எப்படி நிரம்புகிறது?" என்று கேட்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் வைஃபை அமைப்புதான்.

என்னுடையது 64 ஜிபி போன். மாற்றும் எண்ணம் இல்லை. சிறு தேயிலை விவசாயி என்பதால் இலைக் குழுவைவிட்டு விலகவும் முடியாது. எடை ரசீதுகளின் படம் அதில்தான் வருகிறது. கூடவே உறவினர் குழு, ஊர்த் திருவிழாக் குழு, பிள்ளைகளின் பள்ளிக் குழு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்த வீடியோக்கள் எல்லாக் குழுக்களிலும் கொட்டும். அதில் பாதி முந்தைய ஆண்டுகளில் எடுத்தவை.

அமைப்பை மாற்ற உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்பதே பலருடைய ஆலோசனையாக இருந்தது. நான் அப்படிச் செய்யவில்லை. Settings, அதில் Storage and data, அதில் Media auto-download. அங்கே When using mobile data, When connected on Wi-Fi, When roaming என்று மூன்று வரிகள். மூன்றிலும் வீடியோ, ஆடியோ, ஆவணம் ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிட்டேன். வைஃபையில் படத்தின் குறியை மட்டும் விட்டுவைத்தேன். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. சாதாரணமாக ஒரு படம் சில நூறு கேபிதான். வீடியோவோ பத்து எம்பி, இருபது எம்பி என்று போகும். இடத்தை விழுங்குவது வீடியோ, பழி மட்டும் படத்துக்கு. குரல் செய்திகள் எந்தக் குறியை எடுத்தாலும் தாமாகவே இறங்கும். அவற்றைத் தடுக்க வழியில்லை, தடுக்கவேண்டிய அளவும் அவற்றுக்கு இல்லை.

படத்தை விட்டுவைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தானாக இறங்காத கோப்பு உங்கள் போனில் இல்லை. மங்கலான ஒரு சிறு உருவமும், கீழ்நோக்கிய அம்புக்குறியும், அளவும் மட்டுமே இருக்கின்றன. அசல் நிறுவனத்தின் சர்வரில் கொஞ்ச காலம்தான் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் படங்களையும் நிறுத்தியிருந்தார். மாதக் கணக்கு பார்க்கும்போது பழைய ரசீது ஒன்றைத் தொட்டார். தேதி, மொத்த எடை, ஈரத்துக்கென்று கழித்த எடை, நிகர எடை என்று நான்கு வரி உள்ள சிறு தாள். திரையில் வெள்ளைப் புகைபோலத் தெரிந்தது. படம் இறங்கவில்லை, அனுப்பியவரிடமே மீண்டும் கேட்கும்படி செய்தி வந்தது. அனுப்பியவரோ அதற்குள் தன் போனைத் துடைத்திருந்தார். "தாளையாவது வாங்கி வைத்திருக்கலாம், தம்பி" என்றார் பெரியவர். பதிவிறக்கத்தை நிறுத்துகிறவர் தனக்கு வேண்டியதை அன்றன்றே தொட்டு இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு வராது என்று தெரிந்ததால் படங்களை அப்படியே விட்டேன்.

அவர் வீட்டிலேயே இன்னொரு குழப்பத்தையும் பார்த்தேன். மகள் Media visibility என்பதை நிறுத்தியிருந்தாள். கேலரி பளிச்சென்று இருந்தது, போன் மட்டும் நிரம்பிக்கொண்டே போனது. அந்த அமைப்பு, அதன்பின் இறங்குகிறவற்றைக் கேலரியில் காட்டாமல் மறைக்குமே தவிர, இறங்குவதை நிறுத்தாது. சந்தேகமாக இருந்தால் Manage storage பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். கேலரி சுத்தமாக இருந்தும் அந்த எண் ஏறினால், மறைத்திருக்கிறீர்கள், நிறுத்தவில்லை.

ஏற்கெனவே சேர்ந்ததை அகற்றவும் அதே Manage storage பக்கம்தான் சிறந்தது. என் போனில் அது 18 ஜிபிக்குப் பக்கத்தில் காட்டியது. பலமுறை பகிரப்பட்டவை ஒரு பெட்டியிலும், 5 எம்பிக்கு மேற்பட்டவை இன்னொன்றிலும், அவற்றின் கீழே குழுவாரியான பட்டியலும் இருக்கும். முதல் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம்; நம் வீட்டுப் பிள்ளையின் படம் அதில் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே வீடியோ மூன்று குழுக்களில் வந்திருந்தால் மூன்றிலும் அழிக்கவேண்டும். ஒன்றில் மட்டும் அழித்துவிட்டு இடம் கிடைக்கவில்லையே என்று பார்ப்பதில் பயனில்லை. இலைக் குழுவை மட்டும் வேறு விதமாகக் கையாண்டேன். ரசீதுகளுக்கு நட்சத்திரக் குறியிட்டேன். பிறகு Clear chat கொடுத்து, நட்சத்திரமிட்டவற்றையும் அழிக்கச் சொல்லும் கட்டத்தில் குறியில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். ரசீதுகள் தங்கின, காலை வணக்கங்கள் போயின.

கோப்புறைக்குள் நேரடியாக இறங்குவது கடைசி வழி. இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

இங்கே எனக்குப் பயன்பட்டது WhatsApp Video கோப்புறைக்குள் இருக்கும் Sent. கேலரியிலிருந்து ஒரு வீடியோவை அனுப்பினால், சுருக்கிய நகல் ஒன்று இங்கே தங்கும். அதாவது நம்முடைய திருவிழா வீடியோ போனில் இரண்டு முறை இருக்கிறது. கேலரியில் அசல் இருப்பதைப் பார்த்த பிறகு இந்த நகல்களை அழித்தேன். அரட்டையில் அவற்றின் மங்கல் உருவம் மட்டும் எஞ்சும், தொட்டால் திறக்காது, அவ்வளவுதான். Media கோப்புறைக்குப் பக்கத்தில் இருக்கும் Databases கோப்புறையைத் தொடக்கூடாது. உரையாடல்களின் உள்ளூர் காப்புப்பிரதி அதில்தான் இருக்கிறது.

அழித்தும் இடம் ஏறவில்லை என்றால் கேலரியின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கேலரி வழியாக அழித்தவை பெரும்பாலான புதிய போன்களில் 30 நாள் வரை அதில் கிடக்கும். அதுவரை இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். வாட்ஸ்அப்புக்குள் அழித்ததற்கு அந்தத் தொட்டி இல்லை. இடம் உடனே கிடைக்கும், மனம் மாறினால் மீட்கவும் முடியாது.

இப்போது வாட்ஸ்அப்பின் பங்கு 4 ஜிபியைத் தாண்டுவது அரிது. மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறும். நானே தொட்டு இறக்கிய வீடியோக்கள்தான். குறை என்று சொன்னால், பதிவிறக்கத்தைக் குழுவாரியாக அமைக்க முடியாததுதான். இலைக் குழுவில் எல்லாம் இறங்கட்டும், உறவினர் குழுவில் எதுவும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. டெலிகிராமில் தனி உரையாடல், குழு, சேனல் என்று பிரித்து, அளவு வரம்பும் வைக்கலாம். ஆனால் எங்கள் இலைக் குழு அங்கே இல்லை.

கூகுள் கணக்கில் காப்புப்பிரதி எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் காப்புப்பிரதி, இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் கணக்காகிறது. Chat backup பக்கத்தில் Include videos என்பதை நிறுத்தினால், வீடியோக்கள் அங்கேயும் இடத்தைப் பிடிக்காது.