சொந்த ஊரிலிருந்தா, தூரத்துப் பெரிய விமான நிலையத்திலிருந்தா?

நீண்ட தூர விமானப் பயணம் ஒன்றுக்குச் சொந்த ஊரிலிருந்து போய்வரும் டிக்கெட் 100 பங்கு, தூரத்துப் பெரிய நிலையத்திலிருந்து 70 என்று வைத்துக்கொள்வோம். 30 மிச்சம் என்று உடனே பதிவு செய்துவிடாதீர்கள். அந்த நிலையத்துக்குக் குட்டி விமானத்தில் போக 6, திரும்பிவர 6, இரண்டு முறையும் பெட்டிக்குத் தனிக் கட்டணமாக மொத்தம் 6, கிளம்பும் முன் ஓர் இரவு தங்க 5. ஆக 93. கையில் நிற்பது 7தான், அதற்கு ஒரு முழு நாளும் போகிறது.

அந்த இரவுத் தங்கலைத் தவிர்த்தால் லாபம் கூடுமே என்று தோன்றும். நான் தவிர்க்கவே மாட்டேன். குட்டி விமானமும் நீண்ட தூர விமானமும் தனித்தனி டிக்கெட், அதனால் முதல் விமானம் தாமதமாகி நீண்ட தூர விமானத்தைத் தவறவிட்டால் பொதுவாக அந்த நீண்ட தூர விமான நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது, நீங்கள் வரவில்லை என்றே குறித்துக்கொள்வார்கள், அப்புறம் திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். திரும்பும்போது அந்த பயம் இல்லை. தவறினாலும் போவது குட்டி டிக்கெட் மட்டும், சில மணி நேர இடைவெளி போதும்.

சொந்த ஊரிலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை, பெட்டியும் பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும்.

தனியாளுக்கு 7 பங்குக்காக நான் அலைய மாட்டேன். நால்வர் என்றால் கணக்கு வேறு: டிக்கெட்டில் மிச்சம் 120, போக்குவரத்தும் பெட்டியும் 72, இரண்டு அறை 10, மீதி 38. அப்போது தாராளமாகப் போகலாம்.