பெல்ட் போட்டா, போடாமலா? கனமான ஸ்குவாட், டெட்லிஃப்டுக்கு ஓர் அலசல்

என் ஓட்டு பெல்ட்டுக்குத்தான். ஆனால் வார்ம்அப்பிலிருந்தே மாட்டிக்கொண்டு திரிவதற்கு இல்லை. ஒரே ரெப்பில் தூக்க முடிகிற உச்ச எடையில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டும் செட்டுகளுக்கு மட்டும்.

முதுகைத் தாங்கிப் பிடிக்கத்தான் பெல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூச்சை வயிறு நிறைய இழுத்து அடக்கி, சுற்றியுள்ள தசைகளை இறுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும். முதுகெலும்பை அசையாமல் நிறுத்துவது அதுதான். இப்படி இறுக்குவதைத்தான் பிரேசிங் என்பார்கள். பெல்ட், அந்த வயிறு தள்ளுவதற்கு ஒரு சுவர். தள்ளத் தெரியாதவருக்குச் சுவர் இருந்து என்ன?

எனவே முதலில் பார்க்க வேண்டியது, தள்ளத் தெரிகிறதா என்பது. பெல்ட் இல்லாமல், இடுப்பெலும்புக்கு மேலே இரு பக்கமும் கை வையுங்கள். கட்டை விரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால். மூச்சை இழுத்து இறுக்கினால் எல்லா விரலும் வெளியே தள்ளப்பட வேண்டும். முன்வயிறு மட்டும் உப்பினாலோ நெஞ்சு மேலே தூக்கினாலோ பிரேசிங் சரியில்லை.

பெல்ட்டோடு 140 கிலோ ஸ்குவாட் போடுபவரை எடுத்துக்கொள்வோம். பெல்ட்டைக் கழற்றி 100 கிலோவில் 5 ரெப் போடச் சொல்லி, பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். நான்காவது ரெப்பில் இடுப்பு முதலில் எழும்பி, நெஞ்சு கவிழ்ந்து, பார் கால்விரல் பக்கம் நகர்கிறதா? உடனே பிரேசிங் மேல் பழி போட வேண்டாம், தொடை பலவீனமானாலும் இப்படித்தான் ஆகும். 85 கிலோவுக்கு இறங்கி, அடியில் 2 விநாடி நிறுத்திப் பார்க்கலாம். நிற்கும்போதே கீழ்முதுகு தளர்ந்தால், பெல்ட் மறைத்து வைத்திருந்த குறை பெரும்பாலும் பிரேசிங்தான். முதுகு விறைப்பாகவே இருந்து, எழும்போது மட்டும் இடுப்பு முந்தினால் தொடையைக் கவனியுங்கள்.

பிரேசிங்தான் குறை என்றால், சில வாரங்களுக்குக் கடைசிக் கனமான செட் தவிர எல்லாவற்றையும் பெல்ட் இல்லாமல் போடலாம், ஒவ்வொரு ரெப்புக்கும் மேலே நின்று புது மூச்சு எடுத்து. பெல்ட் போடும் அந்த ஒரு செட்டிலும் இறுக்கம் முக்கியம். சாதாரணமாக நிற்கும்போது ஒரு விரல் நுழைய வேண்டும், மூச்சை நிரப்பியதும் இடைவெளி மறைய வேண்டும். அதற்கு மேல் ஒரு துளை இறுக்கினால் வயிற்றுக்கு இடமில்லாமல் மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும்.

டெட்லிஃப்டில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். பாரைப் பிடிக்கக் குனியும்போது பெல்ட்டின் விளிம்பு விலாவிலோ இடுப்பிலோ குத்தி, சரியாக உட்கார விடாமல் செய்யும். சற்று மேலே ஏற்றி, ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். அப்படியும் குத்தினால் குறுகலான பெல்ட்டுக்கு மாறலாம், இல்லையேல் டெட்லிஃப்டைப் பெல்ட் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம்.

உயர் ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள், பெல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்படி மூச்சை அடக்கித் தூக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.