1.20 கோடியா, 1.15 கோடியா? பெங்களூரில் ஃபிளாட் விற்பவருக்கு

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட்டுக்கு இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

விலை: முதலாமவர் 1.20 கோடி, இரண்டாமவர் 1.15 கோடி.

பணம்: முதலாமவர் கையில் 30 லட்சம், மீதி 90 லட்சம் கடன். இரண்டாமவர் கையில் 65 லட்சம், கடன் 50 லட்சம்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். வங்கி கடன் கொடுப்பது நீங்கள் பேசிய விலைக்கு அல்ல, அதன் மதிப்பீட்டாளர் போடும் மதிப்புக்கு. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு அந்த மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. மதிப்பீடு 1.10 கோடி என்று வந்தால் முதலாமவருக்கு 82.5 லட்சம்தான் கிடைக்கும். துண்டு விழும் 7.5 லட்சத்துக்கு உங்களிடம்தான் விலை குறைக்கச் சொல்வார். இரண்டாமவரை இது தொடவே தொடாது.

நிபந்தனை: முதலாமவர் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கேட்கிறார். இரண்டாமவர் பத்திரங்களும் மாநகராட்சியின் சொத்துப் பதிவான இ-காத்தாவும் சரியாக இருந்தால் போதும் என்கிறார்.

பதிவு: முதலாமவருக்கு 75 நாள் வேண்டும், இரண்டாமவருக்கு 35 நாள்.

அவசரமில்லை, வீட்டின் மேல் கடனும் இல்லை என்றால் முதலாமவரிடம் பேசலாம். ஆனால் அவர் காட்டும் வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் வருமானத்தை மட்டும் பார்த்துக் கொடுத்ததா, இந்த ஃபிளாட்டின் பத்திரங்களையும் பார்த்ததா என்று கேளுங்கள். அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டவருக்கு 1.15 கோடிதான் சரி.