நேர்காணல் முடிந்த பிறகு முடிவெடுக்கும் மூன்று வழிகள்: ஒரு சேகோ ஃபேக்டரிக் கணக்கு

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஃபேக்டரிக்கு சூப்பர்வைசர் எடுத்தார்கள். கடைசியில் நின்றது இரண்டு பேர். ஒருவர் உள்ளூர்க்காரர், இதே தொழிலில் பல சீசன் பார்த்தவர். இன்னொருவர் ஓமலூர்க்காரர், வயதில் சின்னவர், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். பேனலில் நான்கு பேர்: கிழங்குக் கொள்முதல் பார்க்கும் சின்ன முதலாளி, ப்ளான்ட் மேனேஜர், லேப் பார்க்கும் அக்கா, கணக்காளர். எனக்கு மார்க் போடும் வேலை இல்லை. பேச்சை நடத்திக் கொடுப்பது மட்டும்தான்.

இந்த மாதிரி இடங்களில் முடிவு மூன்று விதமாக எடுக்கப்படுகிறது. வாயால் பேசி முடிப்பது ஒன்று. எல்லோருடைய மார்க்கையும் கூட்டிப் பெரிய எண்ணுக்கு வேலை கொடுப்பது இரண்டாவது. தனித்தனியாக எழுதி வாங்கி, ஒரே நேரத்தில் திறந்து, வித்தியாசம் உள்ள இடத்தை மட்டும் பேசுவது மூன்றாவது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "எப்படி இருந்தாங்க?" என்று கேட்டதும் யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ, அவர் கட்டிய பாதையில்தான் மற்றவர்கள் நடப்பார்கள். முதலில் பேசுபவர் முதலாளி வீட்டு ஆளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கும் டீ வந்ததும் சின்ன முதலாளி, "ஆத்தூர்க்காரர்தான், இதுல பேச என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டார். மார்க் தாள்கள் டீக்கு முன்பே என் கைக்கு வந்திருந்ததால் தப்பித்தோம். மார்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்வதும் இதே ரகம்தான். எழுதித்தான் போடுகிறார்கள், ஆனால் முதல் ஆள் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் விரல் நகரும்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் கேரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாகப் பேசும்போது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயமே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேஜைக்கு வராமலே போகிறது என்று காட்டினார்கள். ஆத்தூர்க்காரரின் அனுபவம் நான்கு பேருக்கும் தெரியும். அதையே நான்கு பேரும் சொல்லி முடித்திருப்பார்கள்.

இரண்டாவது வழி நியாயமாகத் தெரியும். நான்கு தலைப்பு: இயந்திரமும் பாதுகாப்பும், சரக்கின் தரம், ஆட்களை வேலை வாங்குவது, கணக்குப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் 5 மார்க், ஆக ஒருவர் தருவது 20-க்கு. வந்த மொத்தம் இப்படி:

ஆத்தூர்க்காரர்: சின்ன முதலாளி 19, மேனேஜர் 14, லேப் அக்கா 12, கணக்காளர் 14. கூட்டினால் 59.

ஓமலூர்க்காரர்: சின்ன முதலாளி 10, மேனேஜர் 15, லேப் அக்கா 16, கணக்காளர் 15. கூட்டினால் 56.

கூட்டல் கணக்குப்படி வேலை ஆத்தூர்க்காரருக்கு. ஆனால் தாள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், நான்கில் மூன்று பேர் ஓமலூர்க்காரரைத்தான் மேலே வைத்திருக்கிறார்கள். மேனேஜரும் கணக்காளரும் மார்க் போடுவதில் கை இறுக்கம், ஆத்தூர்க்காரருக்கும் ஓமலூர்க்காரருக்கும் இடையே ஒரே ஒரு மார்க்தான் விட்டிருக்கிறார்கள். சின்ன முதலாளியோ 9 மார்க் விட்டிருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமலே அவருடைய குரல்தான் ஓங்கியிருக்கிறது. சத்தம் வாயிலிருந்து தாளுக்கு மாறியது, அவ்வளவுதான். கூட்டுவதற்குப் பதில், மார்க்குகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் நடு மதிப்பெண்ணை எடுத்தால் இந்த வீக்கம் வடிந்துவிடும்: ஆத்தூர்க்காரருக்கு 14, ஓமலூர்க்காரருக்கு 15. ஆனாலும் ஒரு மார்க் வித்தியாசத்தை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதும் இன்னொருவரை அனுப்புவதும் எனக்கு ஒப்பவில்லை. எதனால் அந்த வித்தியாசம் என்று அந்த எண் சொல்லாது.

மூன்றாவது வழிக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு ஆளும் வெளியே போனதுமே, டீக்கும் பேச்சுக்கும் முன்னால், நான்கு தலைப்புக்கும் மார்க் எழுத வேண்டும். பக்கத்திலேயே அந்த ஆள் சொன்ன வார்த்தையை ஒரு வரி எழுத வேண்டும். இந்த ஒரு வரிதான் உயிர். அப்புறம் எல்லாத் தாளையும் ஒன்றாக மேஜையில் விரித்து, ஒரு தலைப்பில் 2 மார்க்கோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் பேச வேண்டும். பதவியில் சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில்.

ஆத்தூர்க்காரரின் 'தரம்' கட்டத்தில் சின்ன முதலாளி 5, லேப் அக்கா 1. கேட்ட கேள்வி ஒன்றுதான்: லாரி வாசலில் நிற்கிறது, ஒரு லாட்டில் ஈரப்பதம் கூடியிருக்கிறது, என்ன செய்வீர்கள்? அக்காவின் தாளில் பதில் அப்படியே இருந்தது: "நல்ல லாட்டோட கலந்து அனுப்பிடுவேன், யாருக்கும் தெரியாது." சின்ன முதலாளியின் தாளில் "டக்குனு பதில் சொன்னார்" என்று இருந்தது. இரண்டு பேரும் கேட்டது ஒரே பதில். ஒருவர் வேகத்துக்கு மார்க் போட்டிருக்கிறார், இன்னொருவர் சொன்ன விஷயத்துக்கு.

"சார், அந்தச் சரக்கு போன இடத்துல பூஞ்சை பிடிச்சா மூட்டை திரும்பி நம்மகிட்டதான் வரும்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை, தாளைத் திருப்பிக் காட்டினார். சின்ன முதலாளி 5-ஐ 3 ஆக்கினார். மேனேஜரும் தன் மார்க்கில் ஒன்றைக் குறைத்தார்.

ஓமலூர்க்காரரின் 'ஆட்கள்' கட்டத்தில் சின்ன முதலாளி போட்டது 1. காரணம் கேட்டால் "சின்னப் பையன்". கணக்காளர் தாளில் வேறு ஒன்று இருந்தது: முந்தைய வேலையில் சீசன் நடுவே ஆட்கள் வராமல் நின்றபோது, மேஸ்திரி வீட்டுக்கே போய்ப் பேசி, பாக்கிக் கூலியைத் தீர்க்க ஏற்பாடு செய்ததாகச் சொல்லியிருந்தார். மற்ற மூவர் காதிலும் அது விழுந்திருக்கும், மனதில் நிற்கவில்லை. சின்ன முதலாளி இந்த இடத்தில் 3 ஆக்கினார். அதற்காக எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது என்று நினைக்க வேண்டாம். இருபது பேரை நைட் ஷிப்டில் வைத்து வேலை வாங்கியதை ஆத்தூர்க்காரர் விவரமாகச் சொன்னதை மேனேஜர் நினைவுபடுத்த, லேப் அக்கா அவருக்கு ஆட்கள் கட்டத்தில் ஒரு மார்க் கூட்டிக்கொடுத்தார்.

மார்க் மாறினால் காரணத்தை எழுதிவிட்டு மாற்ற வேண்டும். எழுதக் காரணம் இல்லாமல் ஒருவர் அடித்துத் திருத்துகிறார் என்றால் அவர் ஆளைப் பார்த்துப் பயந்து மாற்றுகிறார் என்று அர்த்தம். அதேபோல ஒரு தாளில் நான்கு தலைப்புக்கும் 5, 5, 5, 4 என்று ஓடினால், அவர் நான்கு விஷயத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பிடித்துப்போய் ஒரே மார்க்கை நான்கு முறை எழுதியிருக்கிறார். சின்ன முதலாளியின் 19 அப்படி வந்ததுதான்.

எந்தப் பேனலுக்கும் மூன்றாவது வழிதான் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டே பேர் உட்கார்ந்த பேனல் என்றால் இவ்வளவு சடங்கு தேவையில்லை, எழுதிவிட்டுப் பேசினால் போதும். கூலி ஆட்களை எடுக்கும்போது ஒரு நாள் வேலை செய்ய விட்டுப் பார்ப்பது இதைவிட நல்லது. இன்னொன்று, எந்தத் தலைப்பில் எவ்வளவுக்குக் கீழே போனால் வேலை கிடையாது என்பதை ஆட்கள் வரும் முன்பே எழுதிவிட வேண்டும். இங்கே தரத்தில் நடு மதிப்பெண் 3 வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஆத்தூர்க்காரருக்கு வந்தது 2.5. சாயங்காலம் அந்த விதியை உருவாக்கியிருந்தால் யாருக்காகவோ உருவாக்கியது போல இருந்திருக்கும்.

வேலை ஓமலூர்க்காரருக்குப் போனது. சின்ன முதலாளிக்குக் கடைசிவரை சம்மதமில்லை. அதையும் முடிவுத் தாளில் அவர் கையாலேயே எழுத வைத்தோம்: ஆட்களை இவர் தாங்குவாரா என்பது சந்தேகம், முதல் சீசன் முழுக்கப் பழைய மேஸ்திரி கூடவே இருக்க வேண்டும். மற்ற மூவரும் அந்த நிபந்தனைக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.