23,800 ரூபாயும் அம்மாவின் ஆசையும் போயின: வெளிநாட்டு டிக்கெட் செயலியில் நேரத்தைப் பார்த்து நம்பாதீர்கள்

ரோமில் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நேற்று வாத்திகன் அருங்காட்சியகத்துக்கு நான்கு டிக்கெட், 23,800 ரூபாய். ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

உலக நகரங்களின் டிக்கெட்டுகளை விற்கும் ஓர் இடைத்தரகர் செயலியில் வாங்கினேன். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் பெரியவர்களுக்கு முன்பதிவுக் கட்டணத்தோடு ஒருவருக்கு 25 யூரோ, அதாவது நான்கு பேருக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய்தான். அங்கே நாங்கள் கேட்ட நாளுக்கு இடம் இல்லை. செயலியில் இருந்தது. 'உறுதி செய்யப்பட்டது' என்று பச்சைக் குறி வந்தது, கீழே '14:00' என்று நேரம், அதன் கீழ் ஒரு கியூஆர் குறியீடு. ரோமில் இணையம் கிடைக்காவிட்டாலும் கையில் இருக்கட்டும் என்று கோயம்புத்தூரில் இருந்தபோதே அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். வந்த மின்னஞ்சலிலும் 14:00தான். நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம் இருந்தது?

செயலியின் வரைபடக் குறி புனித பீட்டர் சதுக்கத்தைக் காட்டியது. ஒன்றேகாலுக்கே போய் அங்கிருந்த வரிசையில் நின்றோம். இருபத்தைந்து நிமிட வெயிலுக்குப் பிறகுதான் தெரிந்தது, அது பேராலயத்துக்கான பாதுகாப்புச் சோதனை வரிசை. அருங்காட்சியகத்தின் வாசல் மதிலைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம், வியாலே வாத்திகானோ சாலையில் இருக்கிறது. மூட்டுவலியோடு அம்மா அந்தத் தூரத்தை எப்படி நடந்தார் என்று எனக்குத்தான் தெரியும். பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். சிஸ்டின் சிற்றாலயத்தின் கூரையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணம்.

இரண்டுக்குச் சற்று முன்பு வாசலில் இருந்தோம். காவலர் என் படத்தைப் பார்த்துவிட்டு, இது டிக்கெட் இல்லை என்றார். செயலியைத் திறந்தேன். அதே பதிவு, இப்போது '10:30' என்று காட்டியது! கியூஆரை வருடிப் பார்த்தார்கள், ஏற்கவில்லை. அது செயலியின் முன்பதிவு எண்ணை மட்டும் தாங்கிய குறியீடு. உண்மையான டிக்கெட், View voucher என்ற சிறிய பொத்தானுக்குள் பிடிஎஃப் கோப்பாக ஒளிந்திருந்தது. அதில் நேரம் 10:30, வாசல் Viale Vaticano என்று தெளிவாக அச்சாகியிருந்தது. உங்கள் நேரம் கடந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது என்று காவலர் பணிவாகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மூன்றரை மணி நேரம் என்ன தெரியுமா? கோடையில் இந்திய நேரத்துக்கும் ரோம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. நுழைவு நேரத்தைச் செயலி என் கைபேசியின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டியிருக்கிறது. இந்தியாவில் பார்த்தபோது 14:00. ரோமில் இறங்கிக் கைபேசியின் கடிகாரம் மாறியதும் 10:30. இது இந்திய நேரம் என்று திரையில் ஒரு சொல் இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை.

உதவி மையத்தின் முதல் பதில்: 'நேரம் உங்கள் சாதனத்தின் அமைப்பைப் பொறுத்தது.' இரண்டாவது: 'வாடிக்கையாளர் உரிய நேரத்தில் வரவில்லை, பணம் திரும்பாது.' மின்னஞ்சலின் படத்தை அனுப்பினேன். மூன்றாவது பதிலில் அடுத்த முன்பதிவுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி! 23,800 ரூபாயைத் தொலைத்தவனுக்கு அடுத்த முன்பதிவு ஒரு கேடா? அதன் பிறகு உரையாடலையே மூடிவிட்டார்கள். வங்கியில் அட்டைப் பரிவர்த்தனை மீது புகார் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. அவசரமாக இவை மட்டும். வாங்கியவுடன் பிடிஎஃப் கோப்பைத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள்; அதில் இருக்கும் நேரத்தை மட்டும் நம்புங்கள். கோப்பு இல்லையென்றால் கைபேசி அமைப்பில் நேர மண்டலத்தை ரோமுக்கு மாற்றிவிட்டுச் செயலியை மீண்டும் திறந்து பாருங்கள். நேரம் நகர்ந்தால் முன்பு பார்த்தது உங்கள் ஊர் நேரம். வரைபடக் குறியை விட்டுவிட்டு டிக்கெட்டில் உள்ள தெருப் பெயரைத் தேடுங்கள். முடிந்தவரை tickets.museivaticani.va என்ற சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள்.

இன்று ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். நாளை விடியற்காலை எங்களுக்கு விமானம். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.